‘பைலட் முடிந்தது’ என்று எழுதலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜின் வெப்பநிலை எல்லை தாண்டினால் உடனே போனில் கூப்பிடும் ஒரு கருவியைச் செய்கிறோம். எனக்கு எலக்ட்ரானிக்ஸ். ஒரு நண்பர் சாஃப்ட்வேர் பார்க்கிறார், இன்னும் ஒரு கம்பெனியில் வேலையில் இருக்கிறார். இன்னொருவர் தடுப்பூசி கிளினிக்கில் 7 வருடம் நர்ஸாக இருந்தவர். 4 கிளினிக்குகளில் இலவசமாக வைத்து 11 வாரம் ஆகிறது. முதல் 6 வாரத்தில் 57 அலாரம் அடித்தது, அதில் 5தான் உண்மை. மற்றதெல்லாம் யாரோ கதவைத் திறந்ததால் வந்தவை. சென்சாரை கிளிசரின் பாட்டிலுக்குள் வைத்த பிறகு, அடுத்த 5 வாரத்தில் 6 அலாரம், அதில் 4 உண்மை. இப்போது புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் ஒரு இன்குபேட்டரில் இடமும் மென்டரிங்கும் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறோம். ஐடியா, ஸ்டேஜ், டீம் மூன்றையும் 250 சொல்லுக்குள் சுருக்கச் சொல்கிறார்கள். ‘தடுப்பூசிப் பாதுகாப்பில் புரட்சி செய்யும் ஐஓடி தளம்’ என்று ஆரம்பித்து, ஸ்டேஜுக்கு ‘பைலட் வெற்றிகரமாக முடிந்தது’ என்றும், டீமுக்கு ‘பல்துறை அனுபவமுள்ள துடிப்பான குழு’ என்றும் எழுதியிருக்கிறோம். பொய் அலாரக் கணக்கையும், நண்பர் வேலையில் இருப்பதையும் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்:

இரண்டையும் சொல்லுங்கள். அதிலும் அந்த அலாரக் கணக்குதான் உங்களிடம் இருப்பவற்றிலேயே வலுவானது. அதை வெளியே விட்டுவிட்டு ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று எழுதினால், கையில் இருக்கும் ஒரே ஆதாரத்தை நீங்களே ஒளித்து வைத்ததாக ஆகிவிடும்.

விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்காருகிறவன் என்ற முறையில், அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் முதல் வாசிப்பை ஒருவரே செய்வார். அடுக்கில் நிறைய இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ‘இது நல்ல ஐடியாவா’ என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்காது, ஏனென்றால் அதை அவரால் அந்தச் சில நிமிடங்களில் முடிவு செய்ய முடியாது என்று அவருக்கே தெரியும். அவர் தேடுவது வேறு: இந்த மூன்று பேர் இப்போது சரியாக எங்கே நிற்கிறார்கள், அடுத்த ஆறு மாதத்தில் எங்கே போக வேண்டும், நடுவில் இருக்கும் தடை நாங்கள் கொடுக்கிற இடத்தாலும் ஆட்களாலும் விலகக்கூடியதா? இதற்குப் பதில் கிடைத்தால் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகும். கிடைக்காவிட்டால், ஐடியா எவ்வளவு அழகாக இருந்தாலும் ‘இவர்களுக்கு என்ன தேவை என்று புரியவில்லை’ என்ற குறிப்போடு ஓரமாகப் போய்விடும்.

அதனால் மூன்று பெட்டிகளில் முதலில் எழுத வேண்டியது ஸ்டேஜ். படிவத்தில் ஐடியா மேலே இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டேஜை எழுதிவிட்டு மேலே போங்கள். அது துல்லியமாக இருந்தால் மற்ற இரண்டும் தானாகவே அதைச் சுற்றி அமைந்துவிடும்.

ஸ்டேஜ் என்று கேட்கும்போது உண்மையில் இரண்டு ஏணிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒன்று பொருளின் ஏணி, அதாவது கருவி எவ்வளவு தூரம் வேலை செய்கிறது. மற்றது வியாபாரத்தின் ஏணி, அதாவது அதற்குக் காசு கொடுக்க யாராவது தயாரா. ‘பைலட் முடிந்தது’ என்ற ஒரு வரியில் இரண்டும் கலந்துவிடுகின்றன. படிக்கிறவர் இரண்டிலும் நீங்கள் மேலே ஏறிவிட்டதாக நினைப்பார், நேர்காணலில் ‘எவ்வளவு வசூலிக்கிறீர்கள்’ என்று கேட்பார், ‘இலவசம்தான்’ என்று பதில் வரும். அந்த இடத்தில் நம்பிக்கை குறையும். பொய் சொன்னதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் படிவத்தில் இருக்கும் மற்ற வரிகளையும் அவர்கள் சந்தேகத்தோடு திரும்பப் படிக்க ஆரம்பிப்பார்கள்.

பொருளின் ஏணிக்கு நாசாவில் உருவான ஒரு அளவுகோல் உண்டு, 1 முதல் 9 வரை. டிஆர்எல் என்று பல படிவங்களில் நேரடியாகவே கேட்பார்கள். 4 என்றால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது. 5, 6 என்றால் உண்மையான சூழலுக்கு நெருக்கமான இடத்தில் முன்மாதிரி வேலை செய்து காட்டப்பட்டது. 7 என்றால் கிட்டத்தட்ட முழுமையான முன்மாதிரி, அது உழைக்க வேண்டிய இடத்திலேயே உழைத்துக் காட்டியது. 9 என்றால் நிரூபிக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருப்பது. உங்கள் கருவி உண்மையான கிளினிக்கில் இருப்பதால் 7 என்று போட ஆசை வரும். நான் 6 என்று போடச் சொல்வேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன். வியாபார ஏணியில் நீங்கள் ‘பயன்படுத்துகிறார்கள், இன்னும் யாரும் பணம் தரவில்லை’ என்ற படியில் இருக்கிறீர்கள். அதை அப்படியே எழுதலாம். இன்குபேட்டருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அந்தப் படியில்தான் இருப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். முதல் 6 வாரத்தில் 57இல் 52 பொய் அலாரம். மாற்றத்துக்குப் பிறகு 5 வாரத்தில் 6இல் 2தான் பொய். வாரத்துக்கு எட்டு ஒன்பது பொய் அலாரம் வந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று வருகிறது. ஏன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது: கதவைத் திறந்தால் காற்றின் வெப்பம் சட்டென்று ஏறும், ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, கிளிசரினுக்குள் சென்சார் இருந்தால் அது காற்றை விட்டுவிட்டு மருந்தின் நிலைமைக்கு நெருக்கமானதை அளக்கிறது. ஒரு கோளாறைக் களத்தில் பார்த்தீர்கள், காரணம் கண்டுபிடித்தீர்கள், மாற்றினீர்கள், எண்ணில் வித்தியாசம் தெரிகிறது. தேர்வுக்குழு ஒரு டீமிடம் பார்க்க ஏங்குவது இதைத்தான், ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லால் இதைச் சொல்லவே முடியாது.

இதே கணக்கில் நீங்கள் கவனிக்காத இன்னொரு விஷயமும் இருக்கிறது. உண்மையான அலாரம் முன்பு 6 வாரத்தில் 5, பிறகு 5 வாரத்தில் 4. வாரக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வேகம். அதாவது பொய் அலாரம் குறைந்தபோது உண்மையானதும் சேர்ந்து காணாமல் போகவில்லை என்று தோன்றுகிறது. ‘தோன்றுகிறது’ என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் எண்கள் மிகச் சிறியவை.

ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் உடனே கேட்கும் கேள்வி இதுதான்: அடித்த அலாரத்தை எண்ணினீர்கள், அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போனதை எப்படி எண்ணினீர்கள்? கிளிசரின் சென்சாரை நிதானமாக்குகிறது, அது நல்லது. ஆனால் எவ்வளவு நிதானம்? பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் போன்ற அலுமினியம் சேர்ந்த தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே கெட்டுவிடும், திரும்ப இளகினாலும் பயனில்லை. கீழே இறங்கும்போதும் உங்கள் கருவி நேரத்தோடு சொல்கிறதா? இதை அறிய, அளவு சரிபார்க்கப்பட்ட இன்னொரு பதிவுக் கருவியை அதே ஃப்ரிட்ஜில் பக்கத்தில் வைத்து இரண்டின் பதிவையும் ஒப்பிட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எது உண்மை அலாரம் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதும் இல்லை. நர்ஸ் வந்து ஃப்ரிட்ஜில் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொன்னாரா? அப்படியென்றால் அதையும் எழுதுங்கள். 6 போதும் என்று நான் சொன்னதற்கு இந்த ஒப்பீடு இல்லாததே காரணம்.

இந்த ஓட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். இன்குபேட்டரிடம் நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பது இங்கேதான் தெளிவாகிறது. ‘இடமும் மென்டரிங்கும் வேண்டும்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நீங்கள் எழுத வேண்டியது: வெப்பநிலையைக் கட்டுப்படுத்திச் சோதிக்கும் அறைப்பெட்டி, சரிபார்க்கப்பட்ட ஒப்பீட்டுக் கருவி, இரண்டு பேர் உட்கார்ந்து சால்டரிங் செய்ய ஒரு மேசை, அளவீட்டுக் கருவிகளின் சரிபார்ப்பும் மருத்துவக் கருவி விதிகளும் தெரிந்த ஒரு மென்டர், கிளினிக்குகளுக்கு ஏற்கெனவே எதையாவது விற்றுப் பழகிய இன்னொரு மென்டர். இவ்வளவு குறிப்பாகக் கேட்டால் படிக்கிறவர் மனதிலேயே பெயர்கள் வரும், ‘இவர்களை அவரோடு உட்கார வைக்கலாம்’ என்று. விண்ணப்பிக்கும் முன் அவர்களிடம் அந்த வசதிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசையும் இணையமும் மட்டுமே உள்ள, மென்பொருள் கம்பெனிகளுக்கான இடமென்றால் அங்கே உங்களுக்கு வேலை குறைவு.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. இன்குபேட்டரும் ஆக்சிலரேட்டரும் ஒன்றல்ல, ஆனால் பெயர்ப் பலகையில் இரண்டையும் கலந்து போடுகிறார்கள். 1959இல் அமெரிக்காவின் படேவியா ஊரில் காலியாகிவிட்ட ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தைச் சிறு கம்பெனிகளுக்குப் பிரித்து வாடகைக்கு விட்டதில் தொடங்கியது இன்குபேட்டர். இடமும் பொறுமையும் அதன் அடிப்படை, ஒன்றிரண்டு வருடம்கூட உள்ளே இருக்கலாம். ஆக்சிலரேட்டர் என்பது பெரும்பாலும் மூன்று மாதத் தொகுதி, முதலீடு போட்டுப் பங்கு எடுத்துக்கொள்ளும், வேகமான வளர்ச்சியை எதிர்பார்க்கும். சோதனை முடியாத ஒரு மருத்துவத் துறைக் கருவிக்கு இப்போது முதலாவதுதான் பொருந்தும். இன்குபேட்டர்களிலும் சில பங்கு கேட்கும், சில வாடகை மட்டும் கேட்கும். கையெழுத்துக்கு முன் எவ்வளவு, எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐடியா பெட்டிக்கு வருகிறேன். ‘புரட்சி’, ‘தளம்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். முதல் வாக்கியம் படித்ததும் யாருக்கு, எந்த நேரத்தில், என்ன கெட்டுப்போகிறது என்று தெரிய வேண்டும். பல கிளினிக்குகளில் காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து அட்டவணையில் எழுதுகிறார்கள். இரவில் நடப்பது யாருக்கும் தெரியாது. இதை உங்கள் நர்ஸ் நண்பர் ஒரே வரியில் சொல்லிவிடுவார், அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். அப்புறம், ‘போட்டியாளர்கள் இல்லை’ என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்து, எல்லை தாண்டியதை மறுநாள் காலையில் திரையில் காட்டும் கருவிகள் ஏற்கெனவே உண்டு, போனுக்குச் செய்தி அனுப்புகிறவையும் உண்டு. குழுவில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும். அவற்றைச் சொல்லி, அவற்றிலிருந்து உங்களுடையது எதில் வேறுபடுகிறது என்று சொல்லுங்கள். உங்கள் பதில் ‘குறைவான பொய் அலாரம், அதனால் நர்ஸ்கள் அதை அணைத்து வைப்பதில்லை’ என்பதாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த 4 கிளினிக்கில் யாராவது அலாரத்தை அணைத்து வைத்திருந்தார்களா, மாற்றத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டார்களா என்று விசாரியுங்கள். கிடைக்கும் பதில் எதுவானாலும் அது தரமான தகவல்.

டீம் பெட்டியில் உங்கள் வரி எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும், அதனால் யாரையும் குறிக்கவில்லை. இங்கே பட்டங்களைவிட ‘இந்தக் கருவியில் யார் எதைச் செய்தார்’ என்பதுதான் முக்கியம். முதலில் நர்ஸை வையுங்கள். பயனாளியின் பக்கத்தில் 7 வருடம் நின்ற ஒருவர் நிறுவனராக இருப்பது இந்தத் துறையில் அபூர்வம். அந்த 4 கிளினிக்குகளும் அவர் மூலமாக வந்தவையா? அப்படியென்றால் எழுதுங்கள். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: தெரிந்தவர்கள் இலவசமாக வைத்துக்கொண்டதைச் சந்தையின் ஆதாரமாகக் குழு எடுத்துக்கொள்ளாது. விண்ணப்பத்துக்கு முன்னால் அறிமுகமே இல்லாத ஒரு கிளினிக்கிடம் போய், சிறு தொகையாவது கேட்டுப் பார்த்தால் நல்லது. ‘வேண்டாம்’ என்றாலும் ஏன் என்று தெரியும்.

வேலையில் இருக்கும் நண்பரைப் பற்றி. படிவத்தில் சொல்லாவிட்டாலும் நேர்காணலில் ‘யார் யார் முழுநேரம்’ என்று கட்டாயம் கேட்பார்கள். பகுதிநேரம் என்பது இந்தக் கட்டத்தில் குற்றமில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எது நடந்தால் வேலையை விடுவார் என்ற இரண்டும் மூவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று மறைந்திருக்கிறது: அவருடைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது ஊழியர் எழுதும் மென்பொருள் கம்பெனிக்குச் சொந்தம் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். சிலவற்றில் வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் அது இழுத்துக்கொள்ளும். கம்பெனி லேப்டாப்பில் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் காட்டி, தேவைப்பட்டால் கம்பெனியிடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இன்குபேட்டர் உள்ளே எடுத்த பிறகு இது வெளியே வந்தால் சரிசெய்வது மிகக் கடினம்.

கூடவே மூவருக்கும் பங்கு எப்படி என்று பேசி எழுதிவிடுங்கள். வழக்கமாக நான்கு வருடத்தில் படிப்படியாகப் பங்கு சேருகிற மாதிரி, முதல் ஒரு வருடம் முடியும் முன் விலகினால் எதுவும் இல்லாத மாதிரி வைப்பார்கள். படிவத்தில் ஒரு வரி போதும்.

இவை எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்கள் கடிதத்தை வைத்தே எழுதிப் பார்த்தேன். கோடிட்ட இடங்கள் நீங்கள் நிரப்ப வேண்டியவை. உங்கள் வாயில் வராத சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

“சிறு கிளினிக்குகளில் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பகலில் இரண்டு முறைதான் பார்க்கிறார்கள். இரவில் 2–8 டிகிரி எல்லை தாண்டினால் காலையில்தான் தெரியும், சில சமயம் தெரியாமலே போகும். எல்லை தாண்டும்போதே பொறுப்பாளரைப் போனில் கூப்பிடும் கருவியை நாங்கள் செய்கிறோம். இப்போதுள்ள கருவிகளிலிருந்து வேறுபாடு: கதவு திறப்பதால் வரும் பொய் அலாரம் மிகக் குறைவு.

முன்மாதிரி 4 கிளினிக்குகளில் 11 வாரமாக இயங்குகிறது, இலவசமாக. முதல் 6 வாரத்தில் 57 அலாரத்தில் 52 பொய். சென்சாரை கிளிசரினுக்குள் மாற்றிய பின் 5 வாரத்தில் 6இல் 2 பொய். உண்மை அலாரத்தை முடிவு செய்த முறை: ____. தவறவிட்ட அலாரங்களை இன்னும் அளக்கவில்லை. டிஆர்எல் 6. பணம் கட்டும் வாடிக்கையாளர் இன்னும் இல்லை.

நிறுவனர்கள் மூவர். ஒருவர் தடுப்பூசி கிளினிக்கில் 7 வருடம் நர்ஸ். கிளினிக்குகளோடு பேசுவதும் அலாரங்களைச் சரிபார்ப்பதும் அவர். ஒருவர் எலக்ட்ரானிக்ஸ்; கருவியை வடிவமைத்தவர். ஒருவர் சாஃப்ட்வேர், இப்போது வாரம் ____ மணி நேரம், ____ நடந்தால் முழுநேரம். பங்குப் பிரிவு எழுதப்பட்டுள்ளது. விற்பனை அனுபவம் எங்களில் யாருக்கும் இல்லை.

அடுத்த 6 மாதத்தில்: சரிபார்க்கப்பட்ட கருவியோடு ஒப்பீட்டுச் சோதனை, பணம் கட்டும் முதல் 3 கிளினிக்குகள். இதற்காகக் கேட்பது: வெப்பநிலைச் சோதனைப் பெட்டி, இரண்டு பேருக்கு மேசை, அளவீட்டு விதிகள் தெரிந்த மென்டர், கிளினிக் விற்பனை தெரிந்த மென்டர்.”

உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது, ஓரிரு வரி சேர்க்க இடமும் இருக்கிறது. ‘இன்னும் அளக்கவில்லை’, ‘யாருக்கும் இல்லை’ என்ற இரண்டு வரிகளும் உங்களுக்கு உறுத்தும், எடுத்துவிட ஆசையாக இருக்கும். எடுக்காதீர்கள். கடைசிப் பத்தியில் நீங்கள் கேட்பதற்கு அவை இரண்டும்தான் காரணம். அவை இல்லாவிட்டால் எதற்காகச் சோதனைப் பெட்டி கேட்கிறீர்கள் என்பது படிக்கிறவருக்குப் புரியாது.

கருவியின் சுற்று வரைபடத்தையோ, காப்புரிமைக்குப் போகக்கூடிய நுட்பம் எதையுமோ விண்ணப்பத்தில் இணைக்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்குபேட்டர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை, நிறைய விண்ணப்பங்களைப் படிக்கிறவர்களுக்கு அது நடைமுறையில் சாத்தியமும் இல்லை. என்ன செய்கிறது என்று எழுதுங்கள், எப்படிச் செய்கிறது என்பதை நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் தேவையான அளவுக்கு மட்டும். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் அந்த வாரத்தின் புது அலாரக் கணக்கை மூவரும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒருவர் 11 வாரம் என்றும் இன்னொருவர் 12 வாரம் என்றும் சொன்னால், குழு அங்கேயே நின்றுவிடும்.